பேட்டா இல்லாத படப்பிடிப்புக்கு ஒரு பக்க ஒப்பந்தம்: நிகழ்வு ஆய்வு

என் கல்லூரி ஜூனியர் ஒருத்தி ஒரு ஜனவரி மாதம் போன் செய்தாள். விஸ்காம் கடைசி வருடம். 18 நிமிடக் குறும்படம், மூன்று நாள் படப்பிடிப்பு. செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய பெரியம்மா வீடுதான் லொகேஷன். அவளைச் சேர்க்காமல் யூனிட்டில் 14 பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, பேட்டாவும் கிடையாது. கையில் இருந்தது 41,000 ரூபாய்.

"அக்கா, எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான். ஆனாலும் ஏதாவது எழுதி வாங்கிக்கோன்னு நீங்க எப்பவும் சொல்வீங்களே, அதை எப்படி எழுதறது?"

நான் அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. என் மூன்றாம் வருடத்தில் ஒரு குறும்படத்துக்கு உதவி இயக்குநராக இருந்தேன். கேமரா, ஒளிப்பதிவு செய்த நண்பனுடைய சொந்தக் கேமரா. இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு வந்தது. அதுவும் இரண்டு பேருக்குப் போதவில்லை. போதாமல் போன இரண்டு பேரில் அவனும் ஒருவன். அன்று ஒன்றும் பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மெமரி கார்டுகளோடு வீட்டுக்குப் போனான். ஒரு மாதம் கழித்து முதல் எடிட்டைப் பார்த்தபோது, 'ஒளிப்பதிவு' என்ற டைட்டிலில் அவன் பெயரோடு இன்னொருவர் பெயரும் இருந்தது. அந்த இன்னொருவர் ஒரு அரை நாள் ட்ரோன் ஓட்டியவர். எடிட் செய்யாத மீதிக் காட்சிகளான ரஷ்ஷைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். படம் முடியவே இல்லை. அவன் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு என்ன தருவோம் என்று நாங்கள் யாரும் அதுவரை வாயால்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அதனால் ஜூனியரிடம் முதலில் சொன்னது இதைத்தான்: சம்பளம் இல்லாத படப்பிடிப்பில் சாப்பாடும் டைட்டிலில் வரும் பெயரும் உபசாரம் அல்ல. அவைதான் கூலி. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது. ஒருவர் தன் உழைப்பையும் உரிமையையும் கொடுத்தால், பதிலுக்கு அவருக்கு ஏதாவது போயாக வேண்டும். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, எழுத்தில் உறுதி செய்த டைட்டில், முடிந்த படத்தின் ஒரு பிரதி ஆகிய மூன்றும் மறுபயனாக நிற்கும். ஆகவே அவற்றைத் தெளிவாக எழுதாத தாளில், உரிமை பற்றிய பகுதியும் ஆட்டம் காணும்.

அவள் ஏற்கெனவே இணையத்திலிருந்து ஆறு பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அது அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதியது. 'கூலிக்குச் செய்த படைப்பு, ஆகவே எல்லாம் தயாரிப்பாளருக்கே' என்பது அதன் அடித்தளம். நம் சட்டத்தில் வேலை கொடுத்தவர் முதல் உரிமையாளர் ஆவதற்கு, பொதுவாக, செய்தவர் அவரிடம் பணி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நட்புக்காக வந்து லைட் பிடிப்பவர் ஊழியர் இல்லை. அந்த ஆறு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் அறையில் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதத் தொடங்கினோம். கையெழுத்துப் போடுபவர் முழுதாகப் படித்துவிட்டுப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பெயர்

டைட்டிலில் பெயர் போடுவதைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வேலை செய்தால் பெயர் போட்டுத்தானே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் என்று சொல்வது தயாரிப்பாளரை. கதை, வசனம் எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோருக்குத் தங்கள் படைப்புக்குத் தாங்களே ஆசிரியர் என்று கோரும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. நடிகருக்கு 38-பி பிரிவு உண்டு. ஃபோகஸ் புல்லருக்கும், பூம் பிடித்தவருக்கும், கலை உதவியாளருக்கும், மூன்று நாளும் வண்டி ஓட்டியவருக்கும் அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அவர்கள் பெயருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு இந்தத் தாள். யூனிட்டில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவர்கள்தான்.

முதல் வரைவில் அவள் எழுதியது: "அனைவருக்கும் உரிய முறையில் டைட்டில் வழங்கப்படும்." சண்டை முளைப்பதே அந்த 'உரிய முறை'யில்தான். என்ன பொறுப்பு, என்ன எழுத்து, எந்த இடம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்டேன்.

எழுத்தைப் பற்றி ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் காலை ஒரு அட்டையில் நீளத்தாளைக் கிளிப் போட்டு, ஒவ்வொருவரும் தன் பெயர் திரையில் எப்படி வர வேண்டுமோ அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் கையால் எழுத வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அன்று காலை இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்த ஒப்பனைப் பெண், கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும் இனிஷியலை எழுதாமல், அம்மா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக எழுதினாள். வாட்ஸப் குழுவில் இருந்த பெயரைப் பார்த்து டைட்டில் அடித்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. இன்னொருவர் 'மு.' என்று எழுதியதை யாராவது 'எம்.' என்று மாற்றியிருப்பார்கள்.

பொறுப்பு விஷயத்தில்தான் எங்கள் வரைவு ஒருமுறை தோற்றது. 'மூன்றில் இரண்டு நாளாவது வந்தவருக்குப் பொறுப்பின் பெயரோடு டைட்டில், அதற்குக் குறைந்தால் நன்றி கார்டு' என்று எழுதினோம். கேட்க நியாயமாக இருந்தது. ஒவ்வொரு பெயராக வைத்துப் பார்த்தபோது ஓட்டை தெரிந்தது. எடிட்டர் படப்பிடிப்புக்கு ஒரு நாள்கூட வரப்போவதில்லை. உடை தைத்துக் கொடுப்பவர் வேலையெல்லாம் முதல் நாளுக்கு முன்பே முடிந்துவிடும். நாளை எண்ணினால் இவர்கள் இருவரும் நன்றி கார்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே நாள் கணக்கை அடித்துவிட்டு, 'அவர் செய்த வேலை முடிந்த படத்தில் இருந்தால், அந்த வேலையின் பெயரோடு டைட்டில்' என்று மாற்றினோம். ஒரே வேலையை இருவர் செய்தால் இருவர் பெயரும் வரும், அதிகம் செய்தவர் முதலில். இருக்கும் பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்ப்பதானால், முதலில் இருப்பவரிடம் எடிட் முடியும் முன் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி வரி என் பழைய நண்பனுக்காக நான் சேர்த்தது.

இடத்தைப் பொறுத்தவரை, படத்தின் இறுதி டைட்டில் மட்டும் போதாது. யூட்யூபில் போடும்போது பாதிப் பேர் இறுதி டைட்டில் வருவதற்குள் மூடிவிடுவார்கள். கீழே இருக்கும் விவரப் பகுதியிலும் முழுப் பட்டியல் வர வேண்டும் என்று எழுதினோம். இதில் இன்னொரு வசதி உண்டு. படத்துக்குள் தப்பாக அச்சான பெயரைத் திருத்த மறுபடி ரெண்டர் எடுத்து ஏற்ற வேண்டும், விவரப் பகுதியை ஒரு நிமிடத்தில் திருத்தலாம். அதனால் தவறு சுட்டப்பட்டால் விவரப் பகுதியில் ஏழு நாளுக்குள்ளும், படத்தில் அடுத்த பிரதி எடுக்கும்போதும் திருத்துவது என்று வைத்தோம்.

பெயர் போடுவதில் சட்டம் தலையிடும் ஓர் இடம் உண்டு. திரைப்படத்தில் போகிற போக்கில் வந்து போகிறவர், டைட்டிலிலும் பெயர் இல்லாதவர் என்றால், பெரும்பாலான காரியங்களுக்கு அவரைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்று கொள்வதில்லை. டீக்கடைக் காட்சியில் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதைக்காக நடிகர் பட்டியலில் பெயர் போட அவள் ஆசைப்பட்டாள். போடட்டும், ஆனால் அப்போது அவர்களிடமும் நடிகர்களுக்கு வாங்குவதைப் போல எழுத்தில் சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்றேன். வாங்கினாள்.

சாப்பாடு

அவளுடைய பட்ஜெட்டில் சாப்பாட்டுக்கு 4,500 ரூபாய் இருந்தது. 15 பேர், மூன்று நாள், தலைக்கு நாளொன்றுக்கு 100. லென்ஸ் வாடகைக்கு மட்டும் 9,000. நான் லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பாட்டுக் கணக்கை மட்டும் போட்டோம். அந்தத் தெருவிலேயே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா சொன்ன விலை: காலை டிபன் 45, மதியம் 90, இரண்டு வேளை டீயும் சுண்டலோ பஜ்ஜியோ சேர்த்து 40, இரவு டிபன் 55. தலைக்கு 230. பதினைந்து பேருக்கு ஒரு நாள் 3,450, மூன்று நாளுக்கு 10,350. தண்ணீர் கேன் தனி. மொத்தப் பணத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். அவளே மூன்று லென்ஸில் ஒன்றை வேண்டாம் என்று எடுத்துவிட்டாள்.

ஒப்பந்தத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது எதைத் தருவோம் என்பதைவிட எப்போது தருவோம் என்பதே முக்கியம். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி எட்டரைக்கு டிபன் கொடுத்தால், இரண்டரை மணி நேரம் வெறும் வயிற்றில் லைட் ஸ்டாண்டு தூக்கியிருப்பார்கள். 'வேலை தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் டிபன். ஒரு வேளை உணவு முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் அடுத்த வேளை. இரவு எட்டைத் தாண்டினால் இரவு உணவு' என்று எழுதினோம். யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது, யார் எந்தக் கிழமை சைவம் என்று பெயர் எழுதும் அதே தாளில் ஒரு கட்டம் போட்டோம்.

இன்னொரு வரி என் அனுபவத்திலிருந்து வந்தது. எல்லோரும் சாப்பிடப் போகும்போது கேமராவுக்கும் லைட்டுக்கும் ஒருவர் காவல் இருப்பார். பெரும்பாலும் யூனிட்டிலேயே சின்னப் பையன்தான் அது. அவன் வரும்போது ரசமும் அப்பளத் தூளும்தான் மிஞ்சியிருக்கும். 'காவல் இருப்பவருடைய சாப்பாடு முதலில் எடுத்து வைக்கப்படும், காவல் முறை வைத்து மாறும்' என்று எழுதினோம். மூன்று நாளும் சமையல் அக்கா ஒரு எவர்சில்வர் அடுக்கைத் தனியாக மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். மேல் தட்டில் பொரியல், நடுவில் குழம்பு, கீழே சோறு. முதல் நாள் அதைத் திறந்த லைட் பையன், தான் ஏதோ தப்பான அடுக்கைத் திறந்துவிட்டதாக நினைத்து மூடிவிட்டான்.

இரண்டாம் நாள் இந்தப் பகுதிக்குச் சோதனை வந்தது. விடியல் காட்சிக்காகக் காலை ஆறுக்கே ஆரம்பித்து, டிபன் முடிய எட்டு. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குக் கெடு இரண்டு மணி. ஒன்றே முக்காலுக்குத் திண்ணையில் பாட்டியாக நடிப்பவரின் இரண்டு ஷாட் பாக்கி. வெயில் திண்ணை ஓரத்தில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. "இன்னும் ரெண்டே ஷாட், முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றாள் இயக்குநர். ப்ரொடக்‌ஷன் பார்த்துக்கொண்ட முதலாம் வருடப் பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ரெண்டு மணிக்கு இலை போட்டுடுவாங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு ஷாட் எடுத்தார்கள், மற்றது நின்றது. சாப்பிட்டு வந்தபோது வெயில் திண்ணையை விட்டு இறங்கியிருந்தது. அந்த ஷாட்டை மறுநாள் வேறொரு காட்சியைச் சுருக்கித்தான் எடுக்க முடிந்தது. சாப்பாட்டு வரிக்கு இப்படி ஒரு விலை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நான் இருந்த பழைய யூனிட்டில் அந்த இரண்டு ஷாட்டையும் எடுத்திருப்பார்கள்.

அந்த முதலாம் வருடப் பெண்ணுக்கு 17 வயது. 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அவளுக்காக அவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினோம். அவர் சாப்பாட்டையும் டைட்டிலையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப் புள்ளைய விடுவீங்க? யார் கொண்டு வந்து விடுவாங்க?" என்று கேட்டார். நாங்கள் அதை எழுதவே இல்லை. அன்றுதான் பேக்கப் நேரமும் வீடு சேர்க்கும் வரியும் தாளில் ஏறின.

உரிமை

படம் யாருடையது என்ற கேள்விக்கு யூனிட்டில் மூன்று பதில் இருந்தது. 'எல்லாருடையதும்' என்றார்கள் சிலர். கேமரா யாருடையதோ அவருடையது என்று ஒருவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். கல்லூரிக்குச் சொந்தம் என்று துறையில் யாரோ சொன்னதாக இன்னொருவர்.

கல்லூரி விஷயத்தை முதலில் பார்த்துவிடச் சொன்னேன். சேரும்போது போட்ட விதிமுறைத் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால், மாணவர்கள் தங்களுக்குள் எழுதுவது அதைக் கட்டுப்படுத்தாது. அவள் தேடிப் பார்த்தாள், அவர்கள் தாளில் இல்லை.

கேமராக்காரர் சொன்னது சட்டப்படி நிற்காது. படத்தை எடுக்க முன்கை எடுத்து அதற்குப் பொறுப்பேற்பவரே தயாரிப்பாளர், அவரே படத்தின் முதல் உரிமையாளர். கேமராவின் பில் யார் பெயரில் இருக்கிறது என்பது இதில் வராது. ஆனால் உரிமை ஒருவரிடமும் ஃபுட்டேஜ் இன்னொருவர் ஹார்டுடிஸ்கிலும் இருந்தால், உரிமையை வைத்துக்கொண்டு எடிட் செய்ய முடியாது. அதனால் உரிமை வரிக்குக் கீழேயே, ஒவ்வொரு நாள் பேக்கப் ஆனதும் கார்டுகள் இரண்டு ஹார்டுடிஸ்கில் காப்பி ஆக வேண்டும், ஒன்று தயாரிப்பாளரிடமும் மற்றது எடிட்டரிடமும் போக வேண்டும், இரண்டும் திறந்து பார்க்கப்படும் வரை கார்டை அழிக்கக் கூடாது என்று எழுதினோம். நடைமுறையில் இந்தத் தாளின் முதுகெலும்பு இதுதான்.

'எல்லாருடையதும்' என்பது கேட்க அழகாக இருக்கும். கூட்டு உரிமை என்றால், ஒரு விழாவுக்கோ ஓடிடி தளத்துக்கோ படத்தைக் கொடுக்கும்போது எல்லோருடைய ஒப்புதலும் தேவைப்படும். நாலு வருடம் கழித்து 15 பேரையும் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் உரிமை ஒருவரிடம், வரும் பணத்தில் மட்டும் எல்லோருக்கும் பங்கு என்று பிரித்தோம். அவள் முதலில் எழுதியது, 'பரிசு வந்தால் செலவு போக மீதி சமமாகப் பிரிக்கப்படும்.' 41,000 செலவான படத்துக்கு 10,000 பரிசு வந்தால் மீதி என்று ஒன்று இருக்காது. யூனிட்டுக்கு எதுவும் தராத வரியை, தருவது போல எழுதக் கூடாது என்றேன். பாதி செலவுக்கு, பாதி யூனிட்டுக்குச் சமமாக என்று மாற்றினாள். அவள் பணம் திரும்ப வர நாளாகும் என்று தெரிந்தேதான் மாற்றினாள்.

இதற்கு மேல் உரிமையை எழுத்தில் மாற்றித்தர வேண்டியவர்கள் யூனிட்டில் மிகச் சிலர்தான். லைட், ஃபோகஸ், ப்ரொடக்‌ஷன் செய்பவர்களிடம் மாற்றித்தரத் தனிப் படைப்பு எதுவும் இல்லை. கதை வசனம் எழுதியவர், இசையமைத்தவர், போஸ்டர் வரைந்தவர், ஸ்டில்ஸ் எடுத்தவர் ஆகிய நாலு பேரிடம் இருக்கிறது. புகைப்படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர் என்பதால், சும்மா வந்து எடுத்த ஸ்டில்ஸைப் போஸ்டரில் வைக்கவும் அவருடைய எழுத்து வேண்டும். நடிகர்களிடம் படத்தில் சேர்க்கச் சம்மதம் எழுத்தில் இருந்தால், அதன் பிறகு அந்தப் படத்தின் பயன்பாட்டை அவர்கள் ஆட்சேபிக்க முடியாது. எதிராக வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும்.

அந்த நாலு பேருக்கான வரியை எழுதும்போது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். 'என் படைப்பின் உரிமையை இந்தப் படத்துக்குத் தருகிறேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும்? காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூட்யூபில் போடும் படத்துக்கு இந்தியா மட்டும் போதுமா? இன்னொன்று இதைவிட ஆபத்து. தந்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிராத வரை, அது காலாவதியாகிவிடும். மாணவர் குறும்படம் எடிட்டிலேயே ஒரு வருடம் கிடப்பது சர்வ சாதாரணம். பாட்டை வாங்கி வைத்துவிட்டு, படம் முடியும்போது பாட்டு கையில் இல்லாமல் போகலாம். அதனால் காலம், இடம், ஒரு வருட விலக்கு, பதிலுக்குத் தருவது என்ன என்று நாலையும் எழுதினோம். முழு உரிமையையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இசை இசையமைப்பாளருடையதாகவே இருக்கட்டும், இந்தப் படத்திலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்த மட்டும் அனுமதி என்று வைத்தோம். இசைக்கும் வரிகளுக்கும் வரும் ராயல்டியில் அவற்றை ஆக்கியவருக்குச் சட்டம் தரும் பங்கை எழுதி வாங்கிவிட முடியாது. ஆகவே அதைத் தொடவே இல்லை.

தாள்

கடைசியில் வந்த வடிவம் இது. பெயர்களுக்குப் பதில் பொறுப்புகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

படத்தின் தற்காலிகத் தலைப்பு, படப்பிடிப்பு நாட்கள், இடம், தயாரிப்பாளர் (இயக்குநரே), யூனிட் உறுப்பினர், அவர் பொறுப்பு.

1. இந்தப் படத்தில் எனக்குச் சம்பளமோ பேட்டாவோ இல்லை என்பதை அறிவேன். கீழே சொன்ன உணவு, டைட்டில், படத்தின் பிரதி, பணம் வந்தால் அதில் பங்கு ஆகியவையே என் உழைப்புக்கும் அனுமதிக்கும் ஈடு.

2. வேலை தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் காலை டிபன். ஓர் உணவு முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் அடுத்தது. இரவு எட்டைத் தாண்டினால் இரவு உணவு. காவல் இருப்பவர் பங்கு முதலில் எடுத்து வைக்கப்படும், காவல் முறை வைத்து மாறும்.

3. பேக்கப் இரவு ஒன்பதுக்குள். அதன் பிறகு வீடு அல்லது தங்குமிடம் சேர்ப்பது தயாரிப்பாளர் பொறுப்பு, செலவும் அவருடையது.

4. நான் செய்த வேலை முடிந்த படத்தில் இருந்தால், இடையில் விலகியிருந்தாலும், நான் எழுதிக் கொடுத்த எழுத்திலேயே என் பெயரும் பொறுப்பும் இறுதி டைட்டிலிலும், இணையத்தில் வெளியாகும்போது விவரப் பகுதியிலும் வரும். அதே பொறுப்பில் வேறு பெயர் சேருமானால் எடிட் முடியும் முன் எனக்குச் சொல்லப்படும், அதிகம் செய்தவர் பெயர் முதலில் வரும். தவறு இருந்தால் விவரப் பகுதியில் ஏழு நாளிலும், படத்தில் அடுத்த பிரதி எடுக்கும்போதும் திருத்தப்படும்.

5. படமும் எடுத்த ஃபுட்டேஜ் முழுவதும் தயாரிப்பாளருக்கு உரியவை. ஒவ்வொரு நாள் பேக்கப் ஆனதும் கார்டுகள் இரண்டு ஹார்டுடிஸ்கில் காப்பி ஆகும், ஒன்று தயாரிப்பாளரிடமும் மற்றது எடிட்டரிடமும் போகும். இரண்டும் திறந்து பார்க்கப்படும் வரை கார்டை அழிக்கக் கூடாது. எந்தக் கருத்து வேறுபாட்டிலும் ஃபுட்டேஜையோ ஒலிப் பதிவையோ எடிட் ஃபைலையோ யாரும் தடுத்து வைக்கக் கூடாது. அதேபோல யாருடைய சொந்தக் கருவியையும் தயாரிப்பாளர் பிடித்து வைக்கக் கூடாது.

6. (எழுத்து, இசை, போஸ்டர், ஸ்டில்ஸ்) என் படைப்பு என்னுடையதே. இந்தப் படத்திலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்த, படத்தின் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும் அனுமதி தருகிறேன். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாததால் இந்த அனுமதி காலாவதியாகாது.

7. (நடிகர்) என் நடிப்பை இந்தப் படத்தில் சேர்க்கச் சம்மதிக்கிறேன்.

8. பரிசாகவோ விற்பனையாகவோ வரும் பணத்தில் பாதி செலவுக்கு, பாதி கையெழுத்திட்ட யூனிட் அனைவருக்கும் சமமாக. செலவுக் கணக்கை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

9. முதல் திரையிடலுக்குப் பின் 30 நாளில் எனக்கு ஒரு பிரதி. அதன் பின் வேலை தேடும்போது காட்டும் என் ஷோரீலில் 60 நொடி வரை பயன்படுத்தலாம். கடைசிப் படப்பிடிப்பு நாளிலிருந்து 18 மாதத்தில் படம் முடியாவிட்டால், என் வேலை தெரியும் பகுதிகளை எனக்குத் தர வேண்டும், என் ஷோரீலுக்கு மட்டும்.

கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். இரண்டு பிரதி, ஆளுக்கு ஒன்று.

ஒன்பதாவதின் கடைசி வாக்கியத்துக்கு அவள் தயங்கினாள். முடியாத படத்தின் காட்சிகள் வெளியே போவதை எந்த இயக்குநரும் விரும்பமாட்டார். ஆனால் ஒளிப்பதிவு செய்தவருக்கு வேலை தேட ஷோரீல்தான் வழி, படம் முடியாததற்கு அவர் காரணமில்லை. அவள் 12 மாதத்தை 18 ஆக்கி ஒத்துக்கொண்டாள்.

பிறகு

ஒலிப்பதிவு செய்தவன் இரண்டாம் நாள் மாலை அரியர் பரீட்சைக்காகக் கிளம்பிவிட்டான். மூன்றாம் நாள் வேறொருவர் வந்தார். டைட்டிலில் இரண்டு பெயரும் வந்தன, முதலாமவன் முதலில். இரண்டாவது பெயர் சேர்வதை அவனுக்கு முன்பே சொன்னார்கள். "சரி அக்கா, ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக்கோங்க" என்றதோடு முடிந்தது.

படம் ஒரு கல்லூரி விழாவில் 10,000 ரூபாய் பரிசு வாங்கியது. பாதி 5,000. பதினாலு பேருக்கு ஆளுக்கு 357 ரூபாய், இரண்டு ரூபாய் மிச்சம். அன்று மாலையே ஜிபேயில் போட்டுவிட்டு, செலவுக் கணக்கின் போட்டோவையும் குழுவில் போட்டாள்.

தாள் கைவிட்டது எடிட்டில். சாப்பாட்டுக்கு மணி எழுதிய நாங்கள் எடிட்டுக்கு நாள் எழுதவில்லை. எடிட்டருக்கு வேலை கிடைத்து, வாரம் ஒரு இரவு மட்டும் உட்கார்ந்தார். நாலு மாதம் ஓடியது. ஃபைலைக் கேட்கவும் அவளுக்குத் தயக்கம், கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. ஐந்தாம் வரி இருந்ததால் அவர் தடுத்து வைக்கவில்லை, ஆனால் 'அடுத்த வாரம்' என்று சொல்வதை எந்த வரியும் தடுக்கவில்லை. கடைசியில் இன்னொருவர் முடித்தார், படத்தொகுப்பில் இரண்டு பெயர். மேலும், படப்பிடிப்பில் மூன்று நாள் போட்ட சாப்பாட்டில் ஒரு வேளைகூட எடிட்டருக்குப் போகவில்லை. முதல் வரியில் சொன்ன ஈட்டில் பாதி அவருக்கு எட்டவே இல்லை.

அடுத்த யூனிட்டுக்காக எழுதும் தாளில் இப்போது பத்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'எடிட்டருக்கு ஃபுட்டேஜ் கிடைத்த நாளிலிருந்து 45 நாளில் முதல் எடிட். முடியாது என்று தெரிந்தால் 30-ஆவது நாளுக்குள் சொல்லிவிட்டு ஃபைலைத் தரலாம், அதுவரை செய்ததற்கு டைட்டில் உண்டு. தயாரிப்பாளரோடு உட்கார்ந்து எடிட் செய்யும் ஒவ்வொரு அமர்விலும் சாப்பாடு தயாரிப்பாளர் பொறுப்பு.'